பாக்கெட் திரும்பி வந்தால்: வத்தல் பொடியும் கம்பு மாவும், கோளாறு வாரியாக

சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில் மிளகாய் வத்தல் களத்துக்கு வரும். கொஞ்சம் கம்பும் போடுவோம். நாலு வருஷமாக வத்தலில் ஒரு பங்கைக் கமிஷன் கடைக்கு அனுப்பாமல், வீட்டிலேயே காம்பு கிள்ளி, மில்லில் அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். கம்பையும் மாவாக்குகிறோம். இந்த நாலு வருஷத்தில் எனக்குத் திரும்பி வந்த பாக்கெட்டுகள் எல்லாம் ஏறக்குறைய நாலைந்து கோளாறுகளால்தான் வந்தன. ஒவ்வொன்றையும் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நாமே பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், காசு பிடிக்கும் வேலை கடைசியில்.

ஒரு பழக்கம் மட்டும் முதலிலேயே வேண்டும். ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் இரண்டு பாக்கெட்டை எடுத்துத் தேதி எழுதி வீட்டில் இருட்டான அலமாரியில் வையுங்கள். கடைக்காரர் குறை சொல்லும்போது அதே நாள் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால், தப்பு நம் வீட்டில் நடந்ததா, போன இடத்தில் நடந்ததா என்று பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கோளாறு 1: வத்தல் பொடி கட்டி கட்டுகிறது

முதல் வருஷம் ஆனி மாதக் கடைசியில் தென்காசிக் கடை அண்ணாச்சி போன் செய்தார். "மைனி, பொடி களிமண் மாதிரி கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் கவரைத்தான் குறை சொன்னேன். வீட்டு அலமாரியில் இருந்த அதே தேதிப் பாக்கெட்டைப் பிரித்தால் அதுவும் லேசாகக் கட்டியிருந்தது. அப்படியென்றால் குறை கடையில் இல்லை.

*ஒன்றிரண்டு பாக்கெட் மட்டும் கட்டியிருந்தால்*

ஒட்டு சரியில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பாக்கெட்டை முக்கி மெதுவாக அமுக்குங்கள். ஒட்டிய ஓரத்திலிருந்து குமிழ் வந்தால் அங்கே காற்று போகிறது. பெரும்பாலும் காரணம் மிஷின் இல்லை. பொடி போடும்போது கவரின் வாய் ஓரத்தில் தூசு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சூடு வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகப் பிடிக்காது. அகலமான புனல் வைத்துப் போட்டு, வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். துடைத்தும் குமிழ் வந்தால் சூட்டை ஒரு படி கூட்டுங்கள். ஒட்டு சுருங்கி அலை அலையாக வந்தால் சூடு அதிகம், ஒரு படி குறையுங்கள். இரண்டும் செய்து பார்த்தும் ஒரே இடத்தில் பிடிக்காமல் போனால், மிஷினின் சூட்டுக் கம்பிக்கு மேல் இருக்கும் துணிப்பட்டை தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்னச் செலவு.

*அன்றைக்குப் போட்ட அத்தனையும் கட்டியிருந்தால்*

சூடாகப் பாக்கெட் போட்டோமா என்று முதலில் யோசியுங்கள். மில்லிலிருந்து வரும் பொடி கைச்சூட்டுக்கு மேலேயே இருக்கும். அந்தச் சூட்டோடு கவரில் அடைத்தால் உள்ளே ஆவி நின்று, ஆறும்போது பொடியிலேயே இறங்கிவிடும். மூடிய வாளியில் வைத்து ஆற்றினாலும் இதேதான். வீட்டுக்குள்ளே சுத்தமான துணியிலோ அகலத் தாம்பாளத்திலோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, உள்ளே கையை விட்டால் சூடு தெரியாத வரைக்கும் விடுங்கள். எங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது.

அது சரியாக இருந்தால் வத்தல் காயவில்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன். களத்தில் கிடக்கிற வத்தல் மேலே சருகு மாதிரி இருக்கும், காம்புப் பக்கத்தில் ஈரம் நிற்கும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும்; வளைத்தால் வளையாமல் உடைய வேண்டும்; உடைக்கும்போது காம்படியைப் பாருங்கள். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கிலோ வத்தலைத் துல்லியமாக நிறுத்து, தகரத் தகட்டில் ஒரு முழு நாள் உச்சி வெயிலில் போட்டு, சாயங்காலம் பனி இறங்கும் முன் திரும்ப நிறுங்கள். 20 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் மீதி வத்தலும் இன்னும் காய வேண்டும். இது எங்கள் வீட்டுக் கணக்கு. சட்டப்படி வத்தல் பொடியில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; அந்த எண்ணைச் சரியாகச் சொல்ல ஈரமானியோ ஆய்வுக்கூடமோ வேண்டும்.

காய்ந்த வத்தல் ராத்திரி திறந்து கிடந்தால் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெயிலில் போட்ட அன்றைக்கே மதியத்துக்கு மேல் மில்லுக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. முடியவில்லையென்றால் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் கட்டிவிடுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வந்துகொண்டே இருக்கும் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கத்துக்குப் போகும் சரக்கை நாங்கள் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அரைக்கிறோம். மெல்லிய பாலித்தீன் கவரையும் அந்தப் பக்கத்துக்கு அனுப்புவதில்லை, லேமினேட் கவர்தான்.

*எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்*

விரலால் நசுக்கினால் உதிர்ந்து, வாசமும் காரமும் சரியாக இருந்தால் அது ஈரம் மட்டும்தான். கட்டியை உடைத்தால் உள்ளே கருத்தோ, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்தோ, பழைய சாக்கு வாசம் அடித்தோ இருந்தால் அந்தப் பொடியைத் திரும்பக் காயவைத்து விற்காதீர்கள். பூஞ்சை விடுகிற அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் குழம்பில் கொதித்தாலும் போகாது. மசாலாப் பொருளில் அது கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்பது சட்டம். கண்ணுக்கோ நாக்குக்கோ அந்த அளவு தெரியாது. அந்தப் பாக்கெட்டுகளைக் குழி வெட்டிப் புதையுங்கள். அதே மூட்டையில் மீதி வத்தல் இருந்தால், அரைக்கும் முன் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். மூட்டையின் மேலிருந்து மட்டும் அள்ளாமல் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும்.

கோளாறு 2: பொடி சிவப்பாக இல்லை, நாளாக ஆக வெளுக்கிறது

*மில்லிலிருந்து வரும்போதே மங்கலாக இருந்தால்*

முதலில் மூட்டையைப் பாருங்கள். வெயிலில் கிடந்து வெளுத்த வெள்ளை வத்தலும் சோடையும் கலந்திருந்தால் எந்த மில்லிலும் சிவப்பு வராது. காம்பு கிள்ளும்போதே அவற்றைத் தனியே ஒதுக்கி, ஒதுக்கியதைத் தனி விலைக்குக் கமிஷன் கடையில் போட்டுவிடுங்கள்.

வத்தல் நன்றாக இருந்தும் மங்கினால் மில் சூடு. முதலில் விழும் பொடியில் ஒரு பிடி, கடைசியில் விழுவதில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசிப் பிடி காவி நிறத்துக்குப் போய், தீய்ந்த வாசமும் லேசாக வந்தால் அரைக்கும் அறை சூடேறிவிட்டது என்று அர்த்தம். அவசரமாகக் கொட்டிக்கொண்டே போவது, வலைக்கண் அடைத்திருப்பது, சுத்தி தேய்ந்திருப்பது எல்லாமே சூடேற்றும். மில்காரரிடம் பெரிய கண் வலையில் ஒரு தடவை குருணையாக அடிக்கச் சொல்லி, அதை ஆறவிட்டு, பிறகு சின்னக் கண் வலையில் அரையுங்கள். கூலி கொஞ்சம் கூடும். நிறமும் காரமும் நிற்கும். இரண்டு தடவை அரைத்தும் கடைசிப் பிடி கருகினால் அது மில் மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. நீங்கள் மில்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

மில்லில் நமக்கு முன்னால் மல்லியோ மஞ்சளோ ஓடியிருந்தால் நம் முதல் கிலோவில் அந்த வாசமும் நிறமும் வரும். முதல் கிலோவை வீட்டுக்கு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

*கடையில் தொங்கித் தொங்கி வெளுத்தால்*

அலமாரிப் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுப் பாக்கெட் சிவப்பாகவும் கடைப் பாக்கெட் வெளுத்தும் இருந்தால் வெளிச்சம்தான் காரணம். கடை வாசலில் சரம் சரமாக வெயிலில் தொங்கும் எந்தப் பொடியும் நிறம் போகும். அண்ணாச்சியிடம் உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அது நடக்காத கடைக்கு முன்பக்கம் முழுக்க அச்சடித்த கவரில் கொடுங்கள். உள்ளே பொடி தெரிய வேண்டும் என்று பெரிய ஜன்னல் வைக்க வேண்டாம்.

"கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைங்க, பளபளன்னு இருக்கும்" என்று மில்லில் சொல்வார்கள். விட்ட அன்றைக்குப் பளபளக்கும், பிறகு காறல் வாசம் வரும். எண்ணெய் சேர்த்தால் அதை லேபிளிலும் எழுதியாக வேண்டும். சாயப்பொடி பக்கமே போகாதீர்கள். அது தடை செய்யப்பட்டது, சாப்பிடுகிறவர் உடம்புக்குக் கேடு.

கோளாறு 3: கம்பு மாவு கசக்கிறது

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. திங்கட்கிழமை அரைத்துப் பாக்கெட் போட்ட மாவு, அடுத்த செவ்வாய்க்கிழமை கூழ் காய்ச்சினால் கசந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "கம்பு பழசு, அதான் கசக்கு" என்றார்கள். மில்காரர், முன்னால் யாரோ கெட்ட சோளம் அரைத்திருப்பார்கள் என்றார். நானும் மில்லை மாற்றினேன், கசப்பு மாறவில்லை.

*முதல் சோதனை: கசப்பு தானியத்திலா, மாவிலா?*

அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி கம்பை எடுத்து வாயில் மென்று பாருங்கள். பிறகு இன்னொரு பிடியை மிக்சியில் அரைத்து உடனே ஒரு துளி நாக்கில் வையுங்கள். இரண்டுமே கசந்தால் தானியம் கெட்டிருக்கிறது, அரைக்கவே வேண்டாம். இரண்டும் இனிப்பாக இருந்து பாக்கெட் மாவு மட்டும் கசந்தால், அரைத்த பிறகுதான் கெட்டது. எனக்கு அப்படித்தான் இருந்தது. மூட்டைக் கம்பு ஆறு மாதப் பழசு, ஆனாலும் அன்றைக்கு அரைத்த மாவு நன்றாக இருந்தது.

கம்பில் எண்ணெய்ச் சத்து சுமார் 5 சதவீதம், அதில் பெரும்பங்கு முளையில் இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை அது அடங்கி இருக்கும். அரைத்தவுடன் அந்த எண்ணெயும், அதைச் சிதைக்கிற நொதியும் ஒன்றாகக் கலந்துவிடும். நம் ஊர் வெக்கையில் ஒரு வாரத்துக்குள் கசப்பு தொடங்குவது அதனால்தான். கேழ்வரகில் எண்ணெய் குறைவு. கேழ்வரகு மாவு மாதக்கணக்கில் நிற்கிறதே என்று கம்பையும் அதே மாதிரி பாக்கெட் போடுவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். கவரை மாற்றினால் சரியாகும் என்று நானும் விலை கூடிய கவர் வாங்கிப் பார்த்தேன். கசப்பு இரண்டு மூன்று நாள்தான் தள்ளிப் போனது.

*செலவில்லாத வழி*

சொல்லி வைத்து வாங்கும் வீடுகளுக்கு மட்டும், வாரம் ஒரு நாள் அரைத்து அன்றே கொடுங்கள். பாக்கெட்டில் "5 நாளுக்குள் பயன்படுத்தவும்" என்று எழுதுங்கள். கடைக்கு வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து வீடுதான் இருக்கிறது என்றால் இதுவே போதும்.

*கடையில் நிற்க வேண்டுமென்றால்: கொதிநீரில் முக்குவது*

அரைக்கும் முன்னாலேயே அந்த நொதியைச் சூட்டில் அடக்கிவிட வேண்டும். நாங்கள் செய்வது இது. கல், தூசு போகப் புடைத்த கம்பு 2 கிலோ. பெரிய அண்டாவில் 10 லிட்டர் தண்ணீர், அதாவது கம்பைப் போல ஐந்து பங்கு. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கம்பை இளக்கமாகத் துணியில் கட்டி உள்ளே விட்டு, அகப்பையால் அமுக்கிப் புரட்டி, 30 விநாடியில் தூக்கிவிடுங்கள். தண்ணீரை வடித்து, உடனே மெல்லிசாகப் பரப்பி வெயிலில் போடுங்கள்.

இதில் தவறுவது மூன்று இடத்தில். ஒரே தடவையில் அதிகக் கம்பைப் போட்டால் கொதி அடங்கிவிடும், சூடு உள்ளே போகாது; அப்படிச் செய்த மாவு பத்துப் பன்னிரண்டு நாளில் கசந்தது. ஞாபகமில்லாமல் இரண்டு மூன்று நிமிஷம் விட்டுவிட்டால் தானியம் வெந்து பிசுபிசுக்கும், காய்ந்ததும் கல்லாகும். மூன்றாவதுதான் பெரியது, காயவிடும் வேலை. மழை மூட்டம் உள்ள நாளில் முக்கிவிட்டு ராத்திரி ஈரத்தோடு குவித்து வைத்தால் மறுநாள் எலி நாற்றம் மாதிரி ஒரு வாசம் வரும். அது மாவுக்கும் ஏறும். ஆகையால் காலை எட்டு மணிக்கே முக்கி, அன்றைக்கு முழு வெயில் கொடுத்து, மறுநாளும் போடுங்கள். கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். முக்குவதற்கு முன் இருந்த எடைக்கு மேல் இருக்கக் கூடாது. அதுதான் காய்ந்ததற்குக் கணக்கு.

இதை நம்புவதற்கு நாங்கள் மூன்று பாக்கெட் வைத்துப் பார்த்தோம். ஒன்று பச்சைக் கம்பு மாவு, ஒன்று முக்கியது, ஒன்று வறுத்தது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு கரண்டி எடுத்துக் களி கிண்டி ருசி பார்த்தோம். பச்சை மாவு பத்தாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை. முக்கியது முப்பதாம் நாளும் நன்றாக இருந்தது. வறுத்தது கசக்கவில்லை, ஆனால் வறுத்த வாசம் கூழுக்குப் பிடிக்கவில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார்கள். புட்டுக்கும் உருண்டைக்கும் அது நன்றாக இருந்தது. முக்கி அரைத்த மாவுக்கு நாங்கள் ஒரு மாதத் தேதிதான் போடுகிறோம். கடையில் ஆறு மாதம் என்று போடச் சொன்னார்கள், ஒத்துக்கொள்ளவில்லை.

*எப்போது ஆளைக் கேட்க வேண்டும்*

வாரத்துக்கு ஐம்பது, நூறு கிலோ என்று போனால் அண்டாவும் வெயிலும் தாங்காது. அப்போது டிரையர் தேவைப்படும். வாங்குவதற்கு முன்னால் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ போய், உங்கள் கம்பையே எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். அப்புறம், இரண்டு மாதத்துக்கு மேல் தேதி போட வேண்டுமென்றால் அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். நாக்கை வைத்து நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

கோளாறு 4: பாக்கெட்டுக்குள் வண்டு

அலமாரிப் பாக்கெட்டிலும் வண்டு இருந்தால் முட்டை நம்மிடமிருந்தே போயிருக்கிறது. சாக்கின் தையல், மில் தொட்டியின் மூலையில் தங்கிய பழைய மாவு, சலிக்கும் சல்லடையின் விளிம்பு, இந்த மூன்றையும் பாருங்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் நனைத்துக் காயப்போடுங்கள். மாவைச் சலித்துவிட்டுப் பாக்கெட் போடுங்கள். கடைப் பாக்கெட்டில் மட்டும் ஊசித்துளை இருந்தால், அந்தக் கடையில் பக்கத்துச் சரக்கிலிருந்து ஏறியிருக்கும்.

மூட்டைக்குள் வண்டு மாத்திரை போடுகிற வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், பூட்டிய வீட்டுக்குள் தூங்குகிறவர்களையும் கொல்லும். புகைமூட்டம் தேவைப்படும் அளவுக்குச் சரக்கு இருந்தால் பயிற்சி பெற்று உரிமம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும்.

கோளாறு 5: எல்லாம் விற்றது, காசு மிஞ்சவில்லை

இதையும் கோளாறு என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாம் வருஷம் எனக்கு அதுதான் நடந்தது. 50 கிலோ வத்தல். அன்றைக்குக் கமிஷன் கடை விலை கிலோ 180 ரூபாய், அப்படியே போட்டிருந்தால் 9,000.

அரைத்ததில் காம்பு 3 கிலோ, ஒதுக்கியது 2 கிலோ, காயவைத்ததில் குறைந்தது ஒன்றரைக் கிலோ. மில்லுக்குப் போனது 43½ கிலோ, பறந்ததும் ஒட்டியதும் போகக் கையில் வந்த பொடி 42½ கிலோ. 100 கிராமாக 425 பாக்கெட் போட்டு, கடைக்கு 32 ரூபாய்க்குக் கொடுத்தேன்: 13,600. காம்பு கிள்ளிய கூலி 400, அரவைக் கூலி 650, லேபிளோடு கவர் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் வீதம் சுமார் 1,490, வண்டிச் செலவு 500. திரும்பி வந்த 20 பாக்கெட்டுக்கு 640. எல்லாம் போக 9,920. அதாவது பத்து நாள் இரண்டு பேர் செய்த வேலைக்கு 920 ரூபாய்.

*எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது*

முதலில் எடையைப் பாருங்கள். 42½ கிலோ பொடிக்கு 50 கிலோ வத்தல் போயிருக்கிறது. பொடியின் அடக்க விலை கிலோ 180 இல்லை, கவரும் கூலியும் சேராமலேயே 212 ரூபாய். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் பாக்கெட் விலை போடுவதுதான் பெரிய ஓட்டை. ஒதுக்கிய 2 கிலோவைத் தனியே விற்றால் அதில் கொஞ்சம் திரும்பும்.

அடுத்தது கவர். 100 கிராமுக்கு மூன்றரை ரூபாய்க் கவர் என்றால் கிலோவுக்கு 35 ரூபாய் கவருக்கே போகிறது. மறு வருஷம் அதே 42½ கிலோவை அரைக்கிலோப் பாக்கெட்டாக 85 போட்டு, வீடுகளுக்கு நேரே 160 ரூபாய்க்குக் கொடுத்தோம். வரவு அதே 13,600. கவர் ஒன்று 7 ரூபாய் வீதம் 595, கூலிகள் முன்போலவே 1,050, வண்டிக்கு 300. திரும்பி வந்தது எதுவும் இல்லை. கையில் நின்றது 11,655. வத்தலாகவே விற்பதைவிட 2,655 கூடுதல். வாங்கியவர்களுக்கும் கிலோ 320 ரூபாய் என்பது கடையில் 100 கிராம் பாக்கெட்டாக வாங்குவதைவிடக் குறைவாகவே வந்தது.

வத்தல் விலை கிலோ 250-க்கு மேல் ஏறும் வருஷம் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வீடுகள் பொடி விலையை அவ்வளவு வேகமாக ஏற்ற விடமாட்டார்கள். அப்போது சொல்லி வைத்த வீடுகளுக்கு மட்டும் அரைத்துவிட்டு மீதியை மூட்டையாகப் போட்டுவிடுகிறோம்.

*இந்த இடத்தில் அலுவலகம் போக வேண்டும்*

விற்கத் தொடங்கும் முன்பே உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும். அது 14 இலக்கம், பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எடை, விலை, பாக்கெட் போட்ட மாதம், பெயர், முகவரி, குறை சொல்ல ஒரு போன் எண் ஆகியவையும் இருக்க வேண்டும். எடைத் தராசுக்கு முத்திரை, பாக்கெட் போடுபவர் பதிவு இரண்டும் தொழிலாளர் துறையில். 100 கிராம் என்று எழுதிவிட்டு எடை குறைந்தால் அபராதம் வரலாம், அதனால் கவரின் எடையைக் கழித்துவிட்டு நிறுங்கள். எங்கள் தராசில் காலி கவர் 4 கிராம் காட்டியது. முதல் நாள் போட்ட பாக்கெட்டுகள் அத்தனையிலும் அந்த 4 கிராம் குறைவு. பிரித்துத் திரும்பப் போட்டோம்.